ஆங்கிலத்துக்குப் போய் வந்த ஒரு கடிதம்

அந்தக் கடிதம் முதலில் ஒரு கணக்கு நோட்டுக்குள் இருந்தது. முன்பக்கங்களில் எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட் மாவு, யார் பாக்கி என்ற விவரம். நடுவில் பின்னைக் கழற்றி எடுத்த நான்கு தாள்களில், நீல மையில், நெருக்கி எழுதிய புகார். எழுதியவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா. கோவில்பட்டியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், சான்றிதழ், மனு என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பதும் என் வேலை. 2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை மதியம், அந்த நான்கு தாள்களோடு அக்கா கடைக்கு வந்தார்.

“தம்பி, இதை அப்படியே இங்கிலீஷ்ல அடிச்சுக் குடுங்க. கம்பெனிக்கு அனுப்பணும்.”

புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜ் ஏழாம் மாதத்திலேயே குளிர்வதை நிறுத்திவிட்டது. கம்பெனியின் உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் உண்டு. பேசிப் பேசியே ஐம்பது நாளுக்கு மேல் போய்விட்டது. எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றால் தலைமை அலுவலகம் வடக்கே இருக்கிறது. அங்கே தமிழ்க் கடிதத்தைப் பிரிப்பவருக்கு அது வெறும் கோடுகள்தான்.

நான்கு தாளையும் இரண்டு தடவை படித்தேன். அதில் உண்மை இருந்தது, கோபம் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. “தாழ்மையுடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே “நீங்கள் நாசமாகத்தான் போவீர்கள்.” இரண்டுமே அவர் மனதில் இருந்தவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் முதல் வரி அவரைப் பிச்சை கேட்பவராகவும், இரண்டாம் வரி அவரைச் சண்டைக்காரராகவும் காட்டும். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர் என்ற அவருடைய உண்மையான இடம் இரண்டிலும் காணாமல் போய்விடும். அந்த இடத்தை ஆங்கிலத்தில் கட்டுவதுதான் என் வேலை என்று அப்போதே தெரிந்தது.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. “வந்தீர்கள்”, “தாருங்கள்” என்று சொல்லும்போதே அது வந்துவிடுகிறது. எவ்வளவு கோபமாக எழுதினாலும் “தாங்கள்” என்ற சொல் கூடவே நிற்கும். ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி கிடையாது. அதனால் புதிதாக மொழிபெயர்ப்பவர்கள் அந்த மரியாதையை ஈடுகட்ட ‘கைண்ட்லி’, ‘ஹம்பிளி’, ‘பெக்’ என்று வரிக்கு வரி சேர்த்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து மனுக்களில் படிந்த பழக்கம் அது. தாலுகா ஆபீஸ் மனுவில் பார்த்துப் பார்த்துக் கை அதற்கே போகிறது. கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் ஆரம்பத்தில் ஒரு வணக்கம், கோரிக்கையில் ஒரு ‘ப்ளீஸ்’, முடிவில் ஒரு கையெழுத்து மரியாதை, அவ்வளவு போதும். மிச்ச மரியாதை, யாரையும் பழிக்காத நடையில் இருக்க வேண்டும்.

அன்று மதியம் ஒரு வரிகூட டைப் அடிக்கவில்லை. கேள்வி கேட்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது.

தாளில் ஒன்பது இடங்களில் “சொன்னாங்க” என்று இருந்தது. “வரேன்னு சொன்னாங்க, வரலை.” “இனிமே பிரச்சினை இருக்காதுன்னு சொன்னாங்க.” “காசு கட்டணும்னு சொன்னாங்க.” தமிழில் இது முழு வாக்கியம். “ஆங்க” என்ற அந்த விகுதிக்குள் ஒரு மரியாதைக்குரிய ஆளும் இருக்கலாம், நாலு பேரும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘தே’ என்று எழுதினால், யாரென்று தெரியாமல் ஊர்ப்பேச்சைச் சொல்வது போல ஆகிவிடும். கம்பெனிக்காரர் முதலில் கேட்கப்போகும் கேள்வியே ‘யார் சொன்னது’ என்பதுதான்.

“இது யார் சொன்னது, அக்கா?”

“கடைக்காரருதான். இல்லை... இது போன்ல பேசுன பிள்ளை.”

ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒன்பதில் இரண்டு விற்ற கடைக்காரர் சொன்னது, நான்கு உதவி எண்ணில் பேசிய பெண்கள் சொன்னது, மூன்று வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் சொன்னது. கடைக்காரர் சொன்ன இரண்டையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டோம். அவர் சொன்ன வாக்குக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைச் சாக்காக வைத்து மற்ற ஏழையும் தள்ளிவிட வழி உண்டு.

பிறகு தேதிகள். தாளில் “மாசி கடைசியில”, “அதுக்கப்புறம் ஒரு பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு” என்று இருந்தது. அக்காவின் போனை வாங்கிக் குறுஞ்செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். புகார் பதிவானதற்கு ஒன்று, ஆள் வருவதற்கு ஒன்று, புகார் தீர்ந்தது என்று ஒன்று. ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றும் வந்திருந்தன. அந்த மூன்றாவது செய்தி, ஃப்ரிட்ஜ் சரியாவதற்கு முன்பே ஒருமுறை வந்திருக்கிறது. பல பேர் இந்தச் செய்திகளை அழித்துவிடுவார்கள். அக்கா அழிக்கவில்லை. அழிக்கத் தெரியாது என்று அவர் சொன்னார். அந்தக் கடிதத்தைக் காப்பாற்றியது அதுதான்.

ஃப்ரிட்ஜ் வாங்கியது 2023 ஆகஸ்ட் 14. விலை 17,400 ரூபாய். 2024 மார்ச் 3 அன்று குளிர்ச்சி நின்றது. 6ஆம் தேதி டெக்னீஷியன் வந்து கேஸ் அடைத்துவிட்டு 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டார். 26ஆம் தேதி மறுபடி நின்றது. 29ஆம் தேதி மறுபடி கேஸ், இந்தத் தடவை காசில்லை. ஏப்ரல் 14 அன்று மூன்றாம் முறை நின்றது. 17ஆம் தேதி வந்தவர், பாடிக்குள்ளேயே லீக் இருக்கிறது, மேலே சொல்கிறேன் என்று போனவர் திரும்பவில்லை. “இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறாங்க” என்று தாளில் இருந்த வரி, கணக்குப் போட்டபோது இப்படி ஆனது: 54 நாளில் 18 நாள் ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை. ‘இழுத்தடிப்பு’க்கு ஆங்கிலத்தில் சொல் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த இரண்டு எண்களும் போதுமானவையாக இருந்தன.

அடுத்து ஒரு சொல்லில் வெகுநேரம் நின்றோம். “கேஸ் தீர்ந்துபோச்சு.” டெக்னீஷியன் முதல் நாள் சொன்னது அது. அக்காவும் அதை நம்பி அப்படியே எழுதியிருந்தார். சமையல் சிலிண்டரில் கேஸ் தீரும். எரிப்பதால் தீரும். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. செலவாகிற பொருள் இல்லை அது. அது குறைந்தது என்றால் எங்கோ கசிந்தது என்றே பொருள். அடைத்த கேஸ் முதல் தடவை 20 நாள், அடுத்த தடவை 16 நாள் தாங்கியது என்பதே கசிவை யாரும் அடைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. “தீர்ந்துபோச்சு” என்பதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதியிருந்தால், வாடிக்கையாளரே உபயோகத்தால் குறைந்தது என்று ஒப்புக்கொண்டது போல் ஆகியிருக்கும். அதனால் அதை டெக்னீஷியனின் கூற்றாக மேற்கோள் குறிக்குள் வைத்து, அடுத்த வாக்கியத்தில் கசிவைச் சொன்னேன்.

அக்காவுக்குக் கண் கூர்மை. “ஃப்ரீசர்ல ஒரு மூலையில மட்டும் ஐஸ் பிடிக்கும், மத்த இடம் வெறுமனே இருக்கும். மோட்டார் நிக்கவே நிக்காது” என்றார். தாளில் இது இல்லை. இது முக்கியம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜின் அடையாளமே இதுதான். மெக்கானிக் யாரும் படித்தவுடன் புரிந்துகொள்ளும் இந்த இரண்டு விவரத்தைச் சேர்த்தேன். போனில் எடுத்த ஒரு படமும் இருந்தது, மூலையில் ஒட்டிய ஐஸோடு.

இன்னொரு சொல், “புளிச்சுப் போச்சு.” நாலு நாள் மாவு வீணானதை அக்கா அப்படி எழுதியிருந்தார். நம் ஊரில் விளக்கம் வேண்டாம். பொங்கி வழிந்து, வாடை வந்து, விற்க முடியாமல் கொட்டினது என்று தமிழ் படிக்கும் யாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஃபெர்மெண்டட்’ என்று போட்டிருந்தால், இட்லி மாவு புளிப்பதுதானே முறை, இதில் என்ன நஷ்டம் என்று வடக்கே இருப்பவர் கேட்பார். அந்தக் கேள்வியில் தப்பும் கிடையாது. ‘அளவு மீறிப் புளித்து விற்க முடியாமல் கொட்டப்பட்டது’ என்று அதை விரித்தேன். எத்தனை பாக்கெட், ஒன்று என்ன விலை என்பது அந்தக் கணக்கு நோட்டிலேயே இருந்தது. கூட்டினால் 2,600 ரூபாய்.

மாவு என்றதும் வேறொரு சிக்கல். தாளில் “என் தொழிலுக்காக வாங்கின ஃப்ரிட்ஜ்” என்று இருந்தது. ‘தொழில்’ என்பதை ‘பிசினஸ்’ என்று ஆக்கிவிட்டால் இரண்டு இடத்தில் அடிபடும். வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே வாரண்டி என்று அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் அதே சட்டம் விளக்கமாக இன்னொன்றும் சொல்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் தானே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது.

“அக்கா, இந்த ஃப்ரிட்ஜ்ல வேற என்ன வைக்கிறீங்க?”

“எங்க வீட்டுக் காய்கறி, பால், என் மாத்திரை எல்லாம் அதுலதான். இன்னொரு ஃப்ரிட்ஜுக்கு நான் எங்க போவேன்? இதுதான் பிழைப்பு, தம்பி.”

பிழைப்பு. சட்டம் ஆங்கிலத்தில் ‘லைவ்லிஹுட்’ என்று சொல்வதற்கு நேர்ச் சொல் அது. மாவு விற்பதை மறைக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பின்னால் தெரிந்தால் முழுக் கடிதமும் பொய்யாகிவிடும். அதனால் வீட்டுக்கும், வீட்டிலிருந்தே பிழைப்புக்காக விற்கும் மாவுக்கும் பயன்படும் ஃப்ரிட்ஜ் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

கோபம் மிச்சமிருந்தது. “ஏமாத்திட்டாங்க” என்று மூன்று இடத்தில். தமிழில் இந்தச் சொல் பெரிய வட்டம். சினிமா நன்றாக இல்லை என்றாலும் ஏமாத்திட்டாங்க, சீட்டுக்காரர் ஓடிவிட்டாலும் ஏமாத்திட்டாங்க. ஆங்கிலத்தில் ‘சீட்டிங்’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. கம்பெனியின் சட்டப்பிரிவுக்குப் போய்ப் பதில் தாமதமாகும், நிரூபி என்றும் சொல்வார்கள். அக்காவின் குறை என்ன என்று பார்த்தால், வாரண்டியில் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு 1,850 ரூபாய் வாங்கினார்கள் என்பது. அதை ரசீது எண்ணோடு எழுதினால் போதும். “சும்மா விடமாட்டேன்” என்ற வரியையும் இதே மாதிரி உடைத்தோம். விடாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தூத்துக்குடியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்று சொன்னேன். “நிஜமாவே போடுவீங்களா?” என்று திரும்பக் கேட்டேன். செய்யப்போகாத ஒன்றைக் கடிதத்தில் எழுதக் கூடாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “போடுவேன்” என்றார். அதன் பிறகுதான் அந்த வரியை எழுதினேன்.

சாபத்தை என்ன செய்வது? நானாக எடுத்துவிடவில்லை. அது அவருடைய வரி. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை டைப் அடித்தேன். நான்கு தாள் ஒரே பக்கமானது. ஐந்து பத்தி, ஒவ்வொன்றுக்கும் எண். தமிழ்க் கடிதத்தில் கோரிக்கை கடைசியில் வரும். முன்கதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு “ஆகவே” என்று வேண்டுவோம். அக்காவின் தாளிலும் அப்படித்தான். நாளொன்றுக்கு எத்தனையோ கடிதம் பார்ப்பவர் நாலாம் பக்கம் வரை வருவார் என்று நம்ப முடியாது. பொருள் வரியிலேயே புகார் எண்ணையும் ஃப்ரிட்ஜை மாற்றித் தரும் கோரிக்கையையும் வைத்தேன்.

பிறகு அதே ஐந்து பத்தியைத் தமிழிலும் அடித்தேன். கூலிக்காக அடித்ததல்ல இது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்குவதென்றால், அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு வரி வரியாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் கண்ணால் பார்த்துத் தமிழில் படித்துக் காட்டினேன். நான்காம் பத்தி இது:

“4. எனவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் (அ) இந்த ஃப்ரிட்ஜுக்குப் பதிலாக அதே வகைப் புதிய ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தர வேண்டும், அல்லது 17,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். (ஆ) வாரண்டிக் காலத்தில் வாங்கிய 1,850 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். (இ) மாவு வீணானதற்கு 2,600 ரூபாய் தர வேண்டும்.”

அக்காவின் தாளில் இருந்தது “மாத்திக் குடுங்க” என்ற இரண்டு சொல் மட்டுமே. எதை மாற்றுவது? பாகத்தையா, ஃப்ரிட்ஜையா? தமிழில் இரண்டுக்கும் அதுதான் சொல். ‘பதிலாகப் புதிய ஃப்ரிட்ஜ்’ என்று எழுதியது அதனால்தான்.

கேட்டு முடித்ததும் அக்கா ஒரே ஒரு ஆட்சேபம் சொன்னார். “எல்லாம் சரிதான். ஆனா நான் பட்ட பாடு இதுல இல்லையே, தம்பி.” அவர் சொன்னது நியாயம். நான் அளவுக்கு மேல் சீவிவிட்டிருந்தேன். மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: இந்த 18 நாளும் மாவைப் பக்கத்து வீடுகளின் ஃப்ரிட்ஜில் பிரித்து வைக்கக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. நடந்தது அதுதான். மன உளைச்சல் என்று வழக்குகளில் எழுதும் சொல்லைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் சொல்கிறது. அக்கா கையெழுத்துப் போட்டார், இரண்டு தாளிலும்.

ஏப்ரல் 29 திங்கட்கிழமை மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் கடிதம் கிளம்பியது. பில், வாரண்டி அட்டை, மூன்று ஜாப் ஷீட், குறுஞ்செய்திகளின் படம், ஐஸ் பிடித்த மூலையின் படம், எல்லாவற்றுக்கும் நகல்தான் போனது. அசல் அக்காவிடமே இருந்தது.

இரண்டே நாளில் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: இந்தத் தொடர் எண்ணில் எங்கள் பதிவில் பொருள் எதுவும் இல்லை. என் தவறு. ஃப்ரிட்ஜின் உள்பக்க ஸ்டிக்கரில் பூஜ்யமாக இருந்ததை ஆங்கில எழுத்து ‘ஓ’ என்று அடித்துவிட்டேன். இரவே ஸ்டிக்கரின் படத்தோடு திருத்தி அனுப்பினேன். அன்றிலிருந்து தொடர் எண் வரும் எந்தக் கடிதத்திலும் ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். தபால் மே 3 அன்று போய்ச் சேர்ந்ததை அஞ்சல் துறையின் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தேன். 15 நாள் அன்றிலிருந்து.

மே 9 காலை, கடிதம் தமிழுக்குத் திரும்பியது.

வடக்கே இருந்த அலுவலகம் அதை மதுரைக் கிளைக்கு அனுப்பியிருக்கிறது. மதுரையில் ஒருவர் ஆங்கிலத்தைப் படித்து, தான் புரிந்துகொண்டதை அக்காவிடம் போனில் தமிழில் சொன்னார். “என்னம்மா, கேஸ் போட்டுருவேன்னு மிரட்டி எழுதியிருக்கீங்க? பார்ட்ட மாத்திக் குடுக்கச் சொல்லியிருக்கீங்க, மாத்திக் குடுத்துர்றோம்.” நாங்கள் எழுதியதில் மிரட்டல் கிடையாது. தீர்வு கிடைக்காவிட்டால் ஆணையத்தை அணுகுவேன் என்று ஒரே வாக்கியம். பாகத்தை மாற்றச் சொல்லவும் இல்லை. ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது, தமிழில் சொல்லும்போது மறுபடி “மாத்திக் குடுக்க” என்று குழம்பிப்போனது.

அக்கா கையில் தமிழ் நகல் இருந்தது. போன் வந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் சொன்னாராம்: “ஐயா, நாலாவது பத்தியப் படிங்க. பதிலா புது ஃப்ரிட்ஜுன்னு போட்டிருக்கு. மிரட்டல்லாம் இல்லை, அஞ்சாவது பத்தியும் என் கையிலதான் இருக்கு.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, நேரில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

மே 11 அன்று சீனியர் டெக்னீஷியன் வந்தார். பக்கச் சுவருக்குள் புதைந்திருக்கும் குழாயில் கசிவு, அதை வெளியிலிருந்து அடைக்க முடியாது என்று ஜாப் ஷீட்டில் எழுதினார். கசிவு என்ற சொல் கம்பெனியின் தாளில் வந்தது அதுதான் முதல் முறை. அதன் நகலை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். 15 நாள் மே 18 அன்று முடிந்தது. ஃப்ரிட்ஜ் வரவில்லை. 20ஆம் தேதி மூன்று வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன்: முந்தைய கடிதத்தின் தேதி, டெக்னீஷியன் எழுதிய வாசகம், இன்றைக்கு எத்தனையாவது நாள். வேறெதுவும் எழுதவில்லை.

மே 21 மாலை புதிய ஃப்ரிட்ஜோடு வண்டி வந்தது. கூடவே கையெழுத்துக்கு ஒரு ஆங்கிலத் தாள். அக்கா வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். டெலிவரிக்கு வந்த பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். புகார் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்க்கப்பட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. ஃப்ரிட்ஜ் வந்தது உண்மை. 1,850 வரவில்லை, 2,600 வரவில்லை. அந்த வாசகத்தின் கீழ் வெறுமனே கையெழுத்துப் போட்டால் இரண்டும் போய்விடும்.

“அக்கா, கையெழுத்துக்கு மேல உங்க கையாலயே தமிழ்ல எழுதுங்க. வந்தது என்ன, வராதது என்னன்னு.”

“தமிழ்ல எழுதலாமா?”

“எழுதலாம். எழுதினதப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.”

அந்தப் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. அச்சடித்த ஆங்கில வரிகளுக்குக் கீழே, கணக்கு நோட்டில் பார்த்த அதே நெருக்கமான நீல எழுத்து: “புதிய ஃப்ரிட்ஜ் மட்டும் பெற்றுக்கொண்டேன். நான் கட்டிய 1,850 ரூபாயும் மாவு நஷ்டம் 2,600 ரூபாயும் இன்னும் வரவில்லை.” பையன் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 4 அன்று அக்காவின் வங்கிக் கணக்கில் 1,850 ரூபாய் வந்தது. மாவு நஷ்டத்தைத் தர வாரண்டியில் இடமில்லை என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அதற்காக ஆணையத்துக்குப் போக வேண்டாம் என்று அக்கா முடிவு செய்தார். கடிதத்தின் ஆங்கில நகலும் தமிழ் நகலும் அந்த நான்கு தாளும் அவர் வீட்டில் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன.